அருகில் விற்பதா, தள்ளி விற்பதா?

ஏறுமுகத்தில் இருக்கும் ஒரு பங்கு இப்போது 100. கடைசியாக இறங்கியபோது 94-இல் திரும்பியது. பங்கு பெரிதாக விழாது என்று நம்பி ஒரு புட் ஆப்ஷனை விற்று, காப்புக்காக அதற்குக் கீழே இன்னொன்றை வாங்குவதுதான் புல் புட் ஸ்பிரெட். இதில் 98 புட்டை விற்று 93-ஐ வாங்கினால் 1.60 வரவு, அதிகபட்ச நட்டம் 3.40. 92-ஐ விற்று 87-ஐ வாங்கினால் வரவு 0.70தான், நட்டமோ 4.30 வரை போகலாம்.

கணக்கில் முதலாவது அழகாகத் தெரியும். ஆனால் ஏற்றத்தின் நடுவே வரும் சாதாரண இறக்கமே 98-ஐத் தாண்டிக் கீழே போய்விடும். 92-க்கு முன்னால் 94 தாங்கி நிற்கிறது. நான் 92-ஐத்தான் எடுப்பேன்.

இரண்டு லாட் விற்றால், ஸ்பிரெட் 0.35-க்கு இறங்கியதும் ஒன்றைத் திரும்ப வாங்கி முடிப்பேன். மற்றதைக் கொஞ்சம் விட்டுவைக்கலாம். 94 உடைந்தால் அதையும் உடனே முடிக்க வேண்டும். 98-இல் அந்தப் பொறுமை வேண்டாம்: 0.80 வந்ததும் இரண்டையும் முடித்துவிடுங்கள்.