பாதியில் நிறுத்தலாமா: போக்காக் விதியா, ஓ'பிரையன்–ஃபிளெமிங் விதியா?

வேலூரில் ஒரு சர்க்கரை நோய்ப் பிரிவு 80 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் புண்ணுக்கு 40 பேருக்குப் புது டிரெஸ்ஸிங், 40 பேருக்கு வழக்கமானது. 12 வாரத்தில் புண் மூடியதா என்பதுதான் கேள்வி. பாதிப் பேரின் முடிவு வந்ததும் ஓர் இடைக்கால அலசல் என்று திட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்.

வித்தியாசமே இல்லாதபோது இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பைத்தான் பி மதிப்பு என்கிறோம்; அது ஓர் அளவுக்குக் கீழே வந்தால் வித்தியாசம் உண்டு என்று எடுத்துக்கொள்கிறோம். இடையிலும் கடைசியிலும் 0.05 என்றே அந்த அளவை வைத்தால், வித்தியாசமே இல்லாதபோதும் இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு சுமார் 8.3 சதவீதமாக ஏறிவிடும். அதை 5-க்குள் அடக்கத்தான் நிறுத்தல் விதிகள். புள்ளியியலாளர் போக்காக் (1977) இரண்டு தடவையும் ஒரே அளவு வைக்கிறார்: 0.0294. ஓ'பிரையன்–ஃபிளெமிங் (1979) இடையில் 0.005 என்று இறுக்கிப் பிடித்து, கடைசிக்கு 0.048-ஐ மிச்சம் வைக்கிறது. ஹேபிட்டில்–பீட்டோ இன்னும் கறார், இடையில் 0.001.

இடைக்கால அலசலில் புது டிரெஸ்ஸிங்கில் 20-க்கு 13 பேருக்குப் புண் மூடியிருக்கிறது, பழையதில் 20-க்கு 6. கை-வர்க்கச் சோதனையில் பி மதிப்பு 0.027. போக்காக் விதிப்படி ஆய்வை நிறுத்தலாம், மற்ற இரண்டின்படி தொடர வேண்டும். ஆனால் அந்த 13 பேரில் ஒருவரின் புண் மூடாமல் இருந்திருந்தால் பி மதிப்பு 0.057. ஒரே ஒருவரின் கால்தான் தீர்ப்பைச் சொல்கிறது! நிறுத்தினாலும், பயன் 6 சதவீதப் புள்ளியா 64-ஆ என்று தெரியாமலே நிறுத்துகிறோம். இன்னொன்று: தொடர்ந்து நடத்தி, கடைசியில் 0.04 வந்தால் போக்காக்கில் தோல்வி, ஓ'பிரையன்–ஃபிளெமிங்கில் வெற்றி. சின்ன ஆய்வுக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

சரி, இந்த எண்களை யார் பார்ப்பது? டிரெஸ்ஸிங் போடும் மருத்துவர் பார்த்தால், அடுத்து வரும் நோயாளியைச் சேர்க்கும்போதே மனசு ஒரு பக்கம் சாயும். அதனால் ஆய்வில் சம்பந்தமில்லாத மூன்று பேர் போதும்: ஒரு புள்ளியியலாளர், கால் புண் பார்த்துப் பழகிய ஓர் அறுவை மருத்துவர், இன்னொரு மருத்துவர். இதுதான் தரவுக் கண்காணிப்புக் குழு. பிரிவுவாரியான அட்டவணை மூடிய அமர்வில் இவர்களுக்கு மட்டும் போகும். வெளியே வருவது "தொடரலாம்" அல்லது "நிறுத்தலாம்" என்ற பரிந்துரை மட்டுமே. பி மதிப்பு விதியின் அளவுக்குக் கீழே வராவிட்டாலும் குழு நிறுத்தச் சொல்லலாம், வந்தாலும் தொடரச் சொல்லலாம்.

ஆனால் இந்த ஆய்வில் ஒரு சிக்கல் இருக்கிறது. குடியாத்தம், ஆம்பூர் என்று சுற்று வட்டாரத்திலிருந்து வாரம் 3 பேர் சேர்கிறார்கள் என்றால், 40-ஆவது ஆளின் 12 வார முடிவு கைக்கு வரும்போது 76 பேர் சேர்ந்து முடிந்திருக்கும். அப்போது நிறுத்தினால் மிச்சமாவது நான்கு பேர். இப்படிப்பட்ட ஆய்வில் பயனுக்கான இடைக்கால அலசலையே விட்டுவிட்டு, முழு 0.05-ஐயும் கடைசிக்கு வைத்துக்கொள்வது மேல். குழு வேண்டும்தான், ஆனால் அது பார்க்க வேண்டியது வேறு: ஒவ்வொரு 20 பேர் சேர்ந்ததும் கடும் தொற்று எத்தனை, விரலோ காலோ எடுத்தது எத்தனை என்பது. அங்கே 0.005 வரை காத்திருக்கத் தேவையில்லை. புது டிரெஸ்ஸிங்கில் நான்கு பேருக்கு விரல் எடுத்து, பழையதில் ஒருவருக்கும் இல்லை என்றால், பி மதிப்பு எதுவாக இருந்தாலும் அந்த நான்கு கேஸ் ஷீட்டையும் வரவழைத்துப் படிக்க வேண்டும்.