"ரெடி மேடம்" என்ற பதிலை நம்பி 2,850 ரூபாய் போயிற்று: சுடிதார் செட் வாங்குவோர் கவனத்திற்கு

பார்சல் நேற்று மாலை வந்தது. கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். நாத்தனாரின் வளைகாப்புக்கு உடுத்துவதற்காக, சமூக ஊடகத்தில் மட்டும் விற்பனை செய்யும் ஒரு துணிக்கடையில் சுடிதார் செட் ஒன்றை 2,850 ரூபாய்க்கு வாங்கினேன். படத்தில் ஒரு பெண் தைத்து முடித்த குர்தாவை அணிந்திருந்தார், கீழே எல், எக்ஸ்எல் என்ற அளவுகளும், "மொத்தம் 6.5 மீட்டர்" என்ற குறிப்பும் இருந்தன. தைத்த உடைக்கு மீட்டர் கணக்கு எதற்கு என்ற சந்தேகம் எனக்கு அப்போதே எழுந்ததால், "எக்ஸ்எல் ரெடியாக இருக்கிறதா?" என்று வாட்ஸப்பில் கேட்டேன். "ரெடி மேடம், இன்றே அனுப்பிவிடலாம்" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை நம்பி முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

பிரித்துப் பார்த்தால், மடித்து வைத்த மூன்று துணிகள். ஒரு தையல்கூட இல்லை. கேட்டதற்கு, ரெடி என்றால் சரக்கு கைவசம் இருக்கிறது என்று பொருளாம். எக்ஸ்எல் என்றால் அந்த அளவு வரை தைத்துக்கொள்ளலாம் என்று பொருளாம். திருப்பி அனுப்புகிறேன் என்றேன். "பிரித்த துணியை எடுப்பதில்லை மேடம்" என்றார்கள். அதன்பின் என் எண்ணையே முடக்கிவிட்டார்கள்.

சரி, தைத்தாவது உடுத்தலாம் என்று மேற்கு மாம்பலத்தில் எனக்கு வழக்கமாகத் தைக்கும் அண்ணனிடம் எடுத்துச் சென்றேன். அவர் அளந்தபோதுதான் அந்த 6.5 மீட்டரின் சூது புரிந்தது: டாப் 2, பாட்டம் 2, துப்பட்டா 2.5. பாட்டம் நேரான பேண்ட்டுக்குப் போதும், பாட்டியாலாவுக்குப் போதாது. டாப்பில்தான் பெரிய இடி. நான் அணியும் குர்தாவின் நீளம் 46 அங்குலம். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து 92 அங்குலம். தோள் தையலுக்கும் கீழ் மடிப்புக்கும் நான்கைந்து அங்குலம் கூடுதலாக வேண்டும். ஆக, ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தேவை. 2 மீட்டரில் இருப்பதோ 79 அங்குலம்தான். 37 அங்குலத்துக்கு மேல் நீளம் வராது என்று சொல்லித் துணியை மடித்துக் கொடுத்துவிட்டார். இப்போது 2,850 ரூபாய் பீரோவில் துணியாகக் கிடக்கிறது.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. "ரெடியா?" என்று கேட்காதீர்கள், அன்ஸ்டிச்டா, செமி ஸ்டிச்டா, ஸ்டிச்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். செமி ஸ்டிச்ட் என்றால் எந்தத் தையல் திறந்திருக்கிறது, கை இணைத்திருக்கிறதா, மார்பளவு எதுவரை விரியும், பாட்டம் வெறும் துணியா என்றும் கேளுங்கள். மொத்த மீட்டரை ஏற்காமல் டாப், பாட்டம், துப்பட்டா மூன்றுக்கும் தனித்தனி நீளமும் துணியின் அகலமும் கேளுங்கள். சொல்ல மறுத்தால் பணம் அனுப்பாதீர்கள்.