டூரிங் எம், டூரிங் எல், ஸ்போர்ட் எம்: குனிந்து ஓட்டும்போது ஆர்மர் எதில் சரியாக உட்காருகிறது?

ரைடிங் ஜாக்கெட் வாங்கப் போனால் எல்லோரும் கண்ணாடி முன்னால் நேராக நின்று, கையைத் தொங்கவிட்டுப் பார்க்கிறோம். அந்த நிலையில் அநேகமாக எல்லா ஜாக்கெட்டும் பொருந்திவிடும். வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். அப்போது இரண்டு தோள்களும் முன்னால் நகர்கின்றன, முதுகு அகலமாகிறது. என் முதுகை ஒரு அக்குள் மடிப்பிலிருந்து மறு அக்குள் மடிப்பு வரை டேப் வைத்து அளந்தேன். கை தொங்கும்போது 41 செ.மீ., கையை முன்னால் நீட்டினால் 47 செ.மீ. இந்த ஆறு சென்டிமீட்டர் துணி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். முதுகில் இல்லையென்றால் கைப்பகுதியிலிருந்து இழுக்கும். அதோடு, விழுந்தால் அடி தாங்க உள்ளே செருகியிருக்கும் முழங்கை ஆர்மரும் மேலே ஏறிவிடும்.

என்னுடையது ஆர்15 பைக், தாழ்வான கிளிப்-ஆன் ஹேண்டில் என்பதால் குனிந்தேதான் ஓட்ட வேண்டும். உயரம் 172 செ.மீ., மார்பு 98. சைஸ் சார்ட்படி எம். கடைக்காரர் எல்லோரிடமும் சொல்வதையே என்னிடமும் சொன்னார்: “ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கோங்கண்ணா, உள்ள குளிருக்கோ மழைக்கோ லைனர் போடணும்ல.” அதனால் மூன்றைப் போட்டுப் பார்த்தேன். ஒரே மெஷ் ஜாக்கெட்டில், நிமிர்ந்து ஓட்டுபவர்களுக்கான டூரிங் கட் எம், அதிலேயே எல், பிறகு குனிந்து ஓட்டுபவர்களுக்கான ஸ்போர்ட் கட் எம்.

பார்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வீட்டிலேயே செய்துகொள்ளலாம். முழங்கை, தோள் ஆர்மர்களைப் பையிலிருந்து உருவிவிட்டு ஜாக்கெட்டைப் போடுங்கள். புஜத்திலும் முன்னங்கையிலும் உள்ள பட்டைகளை இறுக்குங்கள். வண்டியில் உட்கார்ந்து, ஓட்டும்போது குனியும் அளவுக்குக் குனியுங்கள். கூட இருப்பவர் துணிக்கு மேலிருந்தே விரலால் அழுத்தி முழங்கை எலும்பின் முனையைத் தேடி, அந்த இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டட்டும். தோளின் ஓரத்தில் தட்டுப்படும் எலும்பு முனைக்கும் ஒன்று. ஜாக்கெட்டைக் கழற்றி ஆர்மரைத் திரும்பச் செருகினால், உங்கள் எலும்பு ஆர்மரின் எந்த இடத்தில் வருகிறது என்று டேப் காட்டிவிடும். நின்ற நிலையிலும் இதையே ஒருமுறை செய்துகொண்டால் ஆர்மர் எவ்வளவு நகர்கிறது என்பதும் தெரியும்.

முழங்கை ஆர்மர் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. மேல்பகுதி கிண்ணம் போலக் குழிந்திருக்கும், எலும்பு முனை அதற்குள் வர வேண்டும். கீழ்ப்பகுதி நீண்டு முன்னங்கையை மூடும். என் ஆர்மரில் கிண்ணத்தின் நடு, மேல் விளிம்பிலிருந்து 7 செ.மீ.

டூரிங் எம், நின்றபோது மிகச் சரியாக இருந்தது. டேப் மேல் விளிம்பிலிருந்து 7 செ.மீ.யில். குனிந்ததும் 11. அதாவது கைப்பகுதி 4 செ.மீ. மேலே ஏறிவிட்டது. கிண்ணம் புஜத்துக்குப் போய், எலும்பு தட்டையான கீழ்ப்பகுதியில் வந்து நின்றது. கஃபும் அதே அளவு ஏறி, கிளவுஸுக்கும் அதற்கும் நடுவில் மணிக்கட்டு வெறுமையாகத் தெரிந்தது. தோளிலும் இதே கதைதான். தோள் முன்னால் போனது, முதுகுத் துணி விடாததால் ஆர்மர் பின்னாலேயே தங்கிவிட்டது. தோளின் முன்பக்கம் மூடப்படவில்லை.

டூரிங் எல்லில் நீளப் பிரச்சினை தீர்ந்தது. குனிந்தபோது டேப் 8 செ.மீ.யில் இருந்தது. கடையில் இதோடு நிறுத்தியிருந்தால் எல்தான் வாங்கியிருப்பேன். ஆனால் இன்னொரு சோதனை உண்டு. கையை மடித்து வைத்துக்கொண்டு, மறு கையால் முழங்கை ஆர்மரை அழுத்திப் பிடித்து, புஜத்தைச் சுற்றித் திருகிப் பாருங்கள். எல்லில், பட்டையைக் கடைசி வரை இறுக்கிய பிறகும், ஆர்மர் 5 செ.மீ. பக்கவாட்டில் ஓடியது. 14 செ.மீ. அகல ஆர்மரில் நடுவிலிருந்து 5 போனால் எலும்பு கிட்டத்தட்ட விளிம்புக்கு வந்துவிடுகிறது. விரலுக்கே இவ்வளவு நகரும் ஆர்மர், தார்ச்சாலையில் கை இழுபடும்போது அங்கேயே நிற்காது. தோள் தையலும் 2 செ.மீ. கீழே இறங்கி, கிண்ணம் எலும்பு முனைக்குக் கீழே தொங்கியது. குனிந்தால் மார்புத் துணி மடிந்து குவிந்து, காலரைத் தொண்டையில் தள்ளியது. அதனால் என் கணக்கில், நேராக நிற்கும்போது பொருந்தும் எம்மை விட, எல் இன்னும் மோசமான தேர்வு. எம்மில் தவறு எங்கே என்று தெரியும். எல்லில் ஆர்மர் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்றே சொல்ல முடியாது.

ஸ்போர்ட் எம்மைப் போட்டு நின்றால் பிடிக்கவே பிடிக்காது. முதுகு இழுக்கிறது, கை தானாகவே மடங்குகிறது, முன்பக்கம் குட்டையாக இருக்கிறது. நின்ற நிலையில் டேப் 4 செ.மீ.யில், அதாவது ஆர்மர் கொஞ்சம் கீழே இருந்தது. பலர் இங்கேயே கழற்றி வைத்துவிடுவார்கள். குனிந்ததும் டேப் சரியாக 7-க்கு வந்தது. கைப்பகுதியையே வளைத்து, முன்னோக்கித் தைத்திருக்கிறார்கள். தோளுக்குப் பின்னாலும் முழங்கைக்கு மேலும் விசிறி மடிப்பு போல விரியும் துணி இருக்கிறது. முதுகுக்கு வேண்டிய அந்த ஆறு சென்டிமீட்டர் அங்கிருந்து கிடைக்கிறது. திருகிப் பார்த்தால் 2 செ.மீ.க்கு மேல் ஓடவில்லை. தோள் கிண்ணமும் எலும்போடு சேர்ந்தே முன்னால் வந்தது. இதைத்தான் வாங்கினேன்.

இதே பதில் எல்லோருக்கும் பொருந்தாது. என் மச்சான் ஓட்டுவது கிளாசிக் 350. முதுகு நிமிர்ந்திருக்கும், கை அவ்வளவு நீள வேண்டியதில்லை. அவனுக்கு டூரிங் எம்மே 8 செ.மீ.யில் வந்து நின்றது. ஸ்போர்ட் கட் அவனுக்கு வீண் அவஸ்தைதான்.

டூரிங் எம் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், உள்ளே ஆர்மர் பை வெல்க்ரோவில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சில ஜாக்கெட்டுகளில் மேலே கீழே நகர்த்தலாம். 3 செ.மீ. இறக்கினால் முழங்கை ஏறக்குறைய சரியாகிவிடும். தோளும் கஃபும் அப்படியேதான் இருக்கும். தையல்காரரிடம் கொடுப்பதானால் உள் துணியில் மட்டும் பையை மாற்றித் தைக்கச் சொல்லுங்கள். வெளித் துணியைத் தொடக் கூடாது.

லைனருக்காக சைஸைக் கூட்டுவதை நம் ஊர் வெயிலில் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். வருஷத்தில் பெரும்பாலான நாள் லைனர் இல்லாமல்தான் ஓட்டுகிறோம், அளவும் அதற்குத்தான் இருக்க வேண்டும். மழைக்கு ஜாக்கெட்டின் மேலே போடும் கோட் போதும். தொப்பை இடித்தால் இடுப்புப் பட்டையைத் தளர்த்துங்கள், தோளைப் பெரிதாக்காதீர்கள்.

ஆர்மரில் EN 1621-1 என்ற குறிக்குப் பக்கத்தில் தோளுக்கு S, முழங்கைக்கு E என்றும், 1 அல்லது 2 என்று நிலையும் இருக்கும். 2 என்றால் அடியைக் கூடுதலாகத் தாங்கும். இடம் மாறிய 2-ஐ விட இடத்தில் நிற்கும் 1-ஐயே நான் எடுப்பேன்.

கடை ஏசியில் புது ஆர்மர் விறைப்பாக இருக்கும், உடல் சூட்டில்தான் இளகி வளையும். அதனால் பத்து நிமிஷமாவது போட்டிருந்துவிட்டு டேப் ஒட்டுங்கள். முடிந்தால் உங்கள் வண்டியிலேயே உட்கார்ந்து, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். யூ-டர்ன் போடும்போது வெளிப்பக்கக் கைதான் மிக அதிகமாக நீளும். என் ஸ்போர்ட் எம்மில் அந்தக் கையின் டேப் 8.5 செ.மீ. வரை போனது, இன்னும் கிண்ணத்துக்குள்தான். டூரிங் எம்மில் அதே கை 13-ஐத் தொட்டது.