நீள ரன்-அப்பா, குட்டை ரன்-அப்பா? 13 வயதுப் பந்துவீச்சாளருக்கு எது சரி

சேலம் பக்கத்தில் வேகப்பந்து போட ஆசைப்படும் பிள்ளைகளுக்குச் சின்னப்பம்பட்டி நடராஜனின் யார்க்கர் தெரியும். அந்த யார்க்கருக்கு முன்னால் கிரீஸில் முன்னங்கால் எப்படி இறங்குகிறது என்று கவனிப்பவர்கள் குறைவு. சிறுவர்களுக்குப் பந்துவீசச் சொல்லிக்கொடுக்கும் நான் முதலில் பார்ப்பது அந்தக் காலைத்தான். அது இறங்கும் நொடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை பாதத்திலிருந்து முழங்கால், இடுப்பு, கீழ்முதுகு என்று ஏறுகிறது. வளர்கிற எலும்புக்கு அது சின்ன விஷயம் இல்லை. கால் ஒழுங்காக இறங்குமா என்பது பெரும்பாலும் ரன்-அப்பிலேயே முடிவாகிவிடுகிறது.

டிவியில் பார்த்து 20 ஸ்டெப் ஓடிவரும் 13 வயது வலக்கைப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். பாதி வழியிலேயே அவன் முழு வேகத்துக்கு வந்துவிடுவான். மீதி தூரத்தில் அந்த வேகத்தைக் காப்பாற்றத் தெரியாது. கிரீஸ் நெருங்கியதும் கண் கீழே போகும், கடைசி இரண்டு மூன்று ஸ்டெப்பைக் குறுக்கியோ நீட்டியோ சரிக்கட்டுவான். ஒரு ஓவர் முடிந்து மண் பிட்சில் அவன் கால் தடங்களைப் பாருங்கள். ஒன்று கிரீஸுக்கு வெளியே நோ பாலாக இருக்கும், அடுத்தது ஒரு முழம் பின்னால் இருக்கும். சரிக்கட்டி ஓடுபவன் தலை ஒரு பக்கம் சாயத்தான் இறங்குவான்.

அதே பையனை 10 அல்லது 12 ஸ்டெப்பில் ஓடவிட்டால் பந்தின் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. வேகம் மெதுவாக ஏறி, துள்ளும் இடத்தில்தான் உச்சத்துக்கு வருகிறது. தூரத்தை அளக்கும் முறை எளிது. பந்துவீசும் கிரீஸில் பிட்சுக்கு முதுகைக் காட்டி நின்று, கையில் பந்தோடு மைதானத்துப் பக்கம் ஓடச் சொல்லுங்கள். கோட்டைப் பற்றி யோசிக்காமல் தனக்கு வசதியான வேகத்தில் ஓடி, பந்து போடுவது போலவே முடிக்கட்டும். முன்னங்கால் இறங்கும் இடத்தை இன்னொருவர் குறிக்க வேண்டும். ஐந்தாறு முறை செய்தால் குறிகள் ஓரிடத்தில் கூடும். அதுவரையுள்ள தூரத்தை டேப்பால் அளந்து வைத்துக்கொண்டால் எந்த மைதானத்திலும் அதுவே அவன் ரன்-அப். உயரம் கூடும் வயது என்பதால் சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். என் தீர்ப்பு குட்டை ரன்-அப்புக்குத்தான். தடங்கள் ஒரு ஷூ நீளத்துக்குள் விழத் தொடங்கிய பிறகு இரண்டிரண்டு ஸ்டெப்பாகக் கூட்டலாம்.

ஏற்காட்டில் சரிவான இடத்தில் விளையாடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இறக்கத்தில் ஓடிவந்தால் வேகம் தானாகக் கூடும், அதை நிறுத்தும் சுமை முழுக்க முன்னங்காலுக்குத்தான். பயிற்சிக்கு லேசாக மேடேறும் பக்கத்திலிருந்து ஓடுவது நல்லது.

அடுத்து முழங்கால். விறைப்பாக நீட்டிய முன்னங்காலில் இறங்குபவர்களுக்கு வேகம் கூடுதலாகக் கிடைக்கிறது என்பது உண்மை. சர்வதேச வேகப்பந்து வீச்சாளர்கள் பலர் அப்படித்தான் வீசுகிறார்கள். ஆனால் அந்த அதிர்ச்சியைத் தாங்க இடுப்பும் வயிற்றுத் தசையும் பல வருடம் பழகியிருக்க வேண்டும். 13 வயதில் ‘முட்டியை லாக் பண்ணு’ என்று கத்துவதை நான் ஏற்கமாட்டேன், அதிலும் சிமெண்ட் தரையில் மேட்டிங் விரித்த பிட்சில். முழங்கால் லேசாக மடங்கி இறங்கி, உடனே தாங்கி நிற்கட்டும். அதற்காக மடங்கிச் சரிந்துபோகவும் கூடாது. அப்படிச் சரிந்தால் உயரமும் போகும், பந்தும் ஷார்ட்டாக விழும்.

திசை இதைவிட முக்கியம். பின்னங்காலிலிருந்து பேட்ஸ்மேனை நோக்கி ஒரு கோடு போட்டால் முன்னங்கால் அதன் மேலோ சற்றுப் பக்கத்திலோ விழ வேண்டும். வலக்கைப் பையனின் இடது கால் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் குறுக்கே விழுந்தால் இடுப்பு அடைபட்டுப்போகும், முதுகு வளைந்து திரும்பித்தான் பந்தை விட முடியும். பின்னங்கால் விரல்கள் பேட்ஸ்மேனைப் பார்க்க, தோள் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும் கலப்பு ஆக்‌ஷனும் இப்படித்தான் முதுகை முறுக்குகிறது. பின்னாலிருந்து செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தால் இரண்டும் தெளிவாகத் தெரியும்.

பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்கம் கீழ்முதுகில் வலி, பின்னால் வளைந்தால் அதிகமாகும் வலி என்றால் அன்றே பந்துவீச்சை நிறுத்துங்கள். எலும்பில் நுண்விரிசல் தொடங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும், எம்.ஆர்.ஐ. தேவையா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். வலி இல்லாத பையனுக்கும் அளவு உண்டு. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஒரு ஸ்பெல்லில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர் என்று வரம்பு வைத்திருக்கிறது. நம் ஊரில் காலையில் அகாடமி, சாயங்காலம் தெருவில் டென்னிஸ் பந்து என்று போடும் பையனுக்கு இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும்.