என்ஜின் எத்தனை வேண்டும்: 0-1 பிஎஃப்எஸ்ஸா, டைக்ஸ்ட்ராவா?

நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிறது. எங்கள் ஊர் பாமணியாற்றுப் பாசனம், அதிலும் கடைமடை. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் பாதி வயலுக்கு வாய்க்கால் வழியே தானாகப் பாய்ந்துவிடும். மீதிக்கு எங்காவது ஓர் இடத்தில் டீசல் என்ஜினை இறக்கி, கரையைத் தாண்டியோ திடல் மேட்டுக்கோ இறைத்துவிட வேண்டும். தலைப்பு மதகிலிருந்து இன்ன வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரக் குறைந்தது எத்தனை இடத்தில் என்ஜின் வைக்க வேண்டும் என்பதுதான் சித்தப்பா கேட்ட கேள்வி. அவரிடம் மதகு, கிளை வாய்க்கால், மடை எல்லாம் எழுதிய நோட்டு இருந்தது. நான் அதை கிராஃபாக மாற்றினேன்.

மாற்றுவது சுலபம். மதகும் மடையும் புள்ளிகள். தண்ணீர் தானாக ஓடும் வாய்க்கால் செலவு 0 உள்ள இணைப்பு, அதுவும் ஓடும் திசையில் மட்டும். என்ஜின் வைத்து இறைக்கக்கூடிய இடம் செலவு 1 உள்ள இணைப்பு. மிகக் குறைந்த செலவுள்ள பாதையே விடை.

சாதாரண பிஎஃப்எஸ் இதற்கு ஆகாது. அது வாய்க்கால்களை எண்ணும், என்ஜின்களை எண்ணாது. 0 இணைப்பால் சேர்ந்த புள்ளிகளை ஒன்றாக ஒட்டிவிட்டு அதன்மேல் பிஎஃப்எஸ் ஓட்டலாம் என்று ஒரு யோசனை உண்டு. சுவரை உடைத்துப் போகும் கட்டப் புதிர்களில் அது சரியாக வரும், ஏனென்றால் அங்கே காலியான கட்டங்களுக்குள் போகவும் வரவும் முடியும். தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும். மேல் மடையையும் கீழ் மடையையும் ஒரே புள்ளி என்று ஒட்டினால், கீழிருந்து மேலே இலவசமாக ஏறுவதாகக் கணக்கு சொல்லிவிடும். அதனால் மிஞ்சியது இரண்டு: ஹீப் வைத்த டைக்ஸ்ட்ரா, இருபக்க வரிசை வைத்த 0-1 பிஎஃப்எஸ்.

டைக்ஸ்ட்ராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செலவு எதிர்மறையாக இல்லாத வரை எந்த எண்ணாக இருந்தாலும் சரியான விடை தரும். எல்லோருக்கும் தெரிந்தது, பைத்தானில் `heapq` கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய தூரமுள்ள, அதாவது தொடக்கத்திலிருந்து சேர்ந்த செலவு மிகக் குறைவான, புள்ளியைத் தேடி எடுக்க ஹீப் கொஞ்சம் வேலை செய்கிறது. அதற்கான விலை மடக்கைப் பெருக்கம் ஒன்று.

நான் எடுத்துக்கொண்டது 0-1 பிஎஃப்எஸ். அதன் உடல் இவ்வளவுதான்:

```python
from collections import deque

def engines(g, s):
    dist = [float("inf")] * len(g)
    dist[s] = 0
    q = deque([s])
    while q:
        u = q.popleft()
        for v, w in g[u]:
            if dist[u] + w < dist[v]:
                dist[v] = dist[u] + w
                if w:
                    q.append(v)
                else:
                    q.appendleft(v)
    return dist
```

0 செலவில் எட்டிய புள்ளி வரிசையின் முன்னால் போகிறது, 1 செலவில் எட்டியது பின்னால் போகிறது. ஹீப் செய்கிற வரிசைப்படுத்தலை இந்த முன்-பின் தேர்வே செய்துவிடுகிறது. காரணம் இது: தூரம் d உள்ள புள்ளியை எடுக்கும்போது வரிசையில் d, d+1 என்ற இரண்டே தூரங்கள்தான் இருக்கும், d எல்லாம் முன்னால், d+1 எல்லாம் பின்னால். எடுத்த புள்ளியிலிருந்து 0 செலவில் போனால் கிடைப்பது மறுபடி d, அதை முன்னால் வைத்தால் ஒழுங்கு கெடாது. 1 செலவில் போனால் d+1, அதைப் பின்னால் வைத்தாலும் கெடாது. மூன்றாவதாக ஒரு தூரம் உள்ளே வர வழியே இல்லை.

இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. ஒரு புள்ளி முதலில் d+1 என்று வரிசைக்குள் வந்து, பிறகு d என்று குறையலாம். அதற்கும் கீழே குறைய முடியாது, எடுக்கப்படும் தூரங்கள் இறங்குவதே இல்லை. ஆகவே எந்தப் புள்ளியும் வரிசையில் அதிகபட்சம் இரண்டு தடவைதான் நுழையும். மொத்த வேலை புள்ளிகளும் இணைப்புகளும் சேர்ந்த எண்ணிக்கையின் அளவிலேயே நின்றுவிடுகிறது.

இந்த இரண்டு தடவை என்பதில்தான் நான் முதலில் தவறினேன். பிஎஃப்எஸ் எழுதிய பழக்கத்தில், வரிசையில் போடும்போதே பார்த்தாயிற்று என்று குறித்துவிட்டேன். சாதாரண பிஎஃப்எஸ்ஸில் அது சரி, ஒரு புள்ளியை முதலில் எட்டும் வழியே அங்கே குறுகிய வழி. இங்கே அப்படி இல்லை. நோட்டிலிருந்த ஒரு சிறு பகுதியை அப்படியே தருகிறேன். 0 என்பது தலைப்பு மதகு. 1 ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மடை. 2, 3 இரண்டும் வடக்கு வாய்க்காலின் மடைகள். 4 திடல் மேட்டு வயல்.

```python
g = [[(1, 1), (2, 0)],   # 0
     [(4, 1)],           # 1
     [(3, 0)],           # 2
     [(1, 0)],           # 3
     []]                 # 4
```

தலைப்பிலிருந்து ரோட்டைத் தாண்டி என்ஜினால் இறைத்தால் 1-க்கு நேராகப் போய்விடலாம். வடக்கு வாய்க்கால் வழியே சுற்றிப் போனால் 2, 3 தாண்டித் தானாகவே 1-க்கு வந்துவிடும். 1-இலிருந்து திடலுக்கு ஏற்ற எப்படியும் ஓர் என்ஜின் வேண்டும்.

முதலில் 0-ஐ எடுக்கிறோம். 1-க்குத் தூரம் 1, பின்னால் போகிறது. 2-க்குத் தூரம் 0, முன்னால் போகிறது. வரிசை இப்போது 2, 1. அடுத்து 2-ஐ எடுத்தால் 3 முன்னால் வருகிறது. 3-ஐ எடுத்துப் பார்த்தால் 1-க்குத் தூரம் 0 ஆகிறது, ஏற்கெனவே எழுதியிருந்த 1-ஐவிடக் குறைவு. திருத்தி முன்னால் வைக்கிறோம். வரிசையில் இப்போது மடை 1 இரண்டு தடவை நிற்கிறது, முன்னால் நிற்பது புதியது, பின்னால் நிற்பது பழையது. புதியதை எடுத்ததும் 4-க்குத் தூரம் 1 ஆகிறது. பழையது வெளியே வரும்போது எதையும் குறைக்க முடியாமல் சும்மா போய்விடும். விடை ஓர் என்ஜின்.

நான் முதலில் எழுதியதில் மடை 1-ஐ வரிசையில் போட்டவுடனே குறித்துவிட்டதால் 3-இலிருந்து வந்த திருத்தம் ஏறவே இல்லை. திடலுக்கு இரண்டு என்ஜின் என்று வந்தது. அச்சடித்த தாளைப் பார்த்ததும் சித்தப்பா கேட்டார்: "தம்பி, ரோட்டுக்கு அந்தாண்ட மடைக்கு வடக்கு வாய்க்கால்லயே தண்ணி வந்துடுமே, அங்க எதுக்கு ஒரு என்ஜின்?" ஊர்த் தண்ணீர் ஓடும் வழி அவருக்குத் தெரிந்திருந்ததால் பிடித்தார். தெரியாத வரைபடத்தில் இந்தப் பிழை பிடிபடாது, ஏனென்றால் வரும் எண் நம்பும்படியாகவே இருக்கும். சோதிக்க ஒரு வழி உண்டு: இணைப்புகளை எழுதிய வரிசையை மாற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள். மேலே 0-இன் பட்டியலில் `(1, 1)`, `(2, 0)` இரண்டையும் இடம் மாற்றினாலும் இந்த உதாரணத்தில் தப்பு அப்படியே இருக்கும், அதனால் அதை மட்டும் நம்பக் கூடாது. சின்ன கிராஃப்கள் நிறைய உருவாக்கி டைக்ஸ்ட்ரா விடையோடு ஒப்பிடுவதே உறுதி. எனக்கு டைக்ஸ்ட்ரா இன்றைக்கும் அந்த வேலைக்குப் பயன்படுகிறது.

சரி, எதை வைத்து முடிவெடுப்பது? வேகத்தை வைத்து இல்லை. எங்கள் நோட்டில் சில நூறு புள்ளிகள்தான், இரண்டுமே உடனே முடிந்துவிடும். மாநிலம் முழுக்கச் சாலைகள் உள்ள வரைபடத்தில் நான் இதை ஓட்டிப் பார்த்ததில்லை, அங்கே எவ்வளவு மிச்சமாகும் என்று அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. நாளைக்கு செலவு மாறினால் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சில இடங்களில் மேடு அதிகம், இரண்டு என்ஜின் அடுத்தடுத்து வைத்தால்தான் ஏறும். அந்த இணைப்புக்கு யாராவது 2 என்று எழுதிவிட்டால்?

மேலே கொடுத்த நிரலில் விடை தப்பாகாது. எங்கே தூரம் குறைந்தாலும் மறுபடி வரிசையில் போடுகிறது, குறைய எதுவும் இல்லாதபோதுதான் நிற்கிறது. போவது இரண்டு தடவைக்குமேல் நுழையாது என்ற வேக உறுதி மட்டும். ஆனால் வேகத்துக்காக, சேர வேண்டிய வயல் வரிசையிலிருந்து வெளியே வந்ததும் நிறுத்திவிடு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் கதை வேறு. தலைப்பிலிருந்து வயலுக்கு 2, ஒரு மடைக்கு 1, அந்த மடையிலிருந்து வயலுக்கு 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். வயல் முதலில் எழுதப்பட்டிருந்தால் அதுவே வரிசையில் முன்னால் நிற்கும். அது வெளியே வந்ததும் நிரல் 2 என்று சொல்லி நின்றுவிடும். சரியான விடை 1. எடுத்ததும் முடிந்தது என்று குறிக்கும் வடிவத்திலும் இதே தப்புதான். எந்த எச்சரிக்கையும் வராது. டைக்ஸ்ட்ராவில் இதே நிறுத்தம் எந்தச் செலவுக்கும் சரியாக இருக்கும், அதன் பெரிய பலம் இதுதான்.

இவ்வளவு தெரிந்தும் நான் 0-1 பிஎஃப்எஸ் பக்கமே நிற்கிறேன். சித்தப்பாவும் அவரோடு நோட்டு எழுதுபவர்களும் கேட்பது எத்தனை இடம் என்பதைத்தான், எத்தனை லிட்டர் டீசல் என்பதை இல்லை. அந்தக் கேள்விக்கு 0, 1 போதும். வரிசையைத் தாளில் எழுதி, முன்னால் சேர்த்து, பின்னால் சேர்த்து, அடித்துத் திருத்தி அவர்களிடமே காட்ட முடிகிறது. ஹீப்பை அப்படி எழுதிக் காட்ட எனக்கு வரவில்லை. இரண்டு என்ஜின் வேண்டிய மேட்டுக்கு நடுவில் ஒரு பொய் மடையைச் சேர்த்து, 1, 1 என்று இரண்டு இணைப்பாகப் பிரித்துவிடுகிறேன். உண்மையில் அங்கே முதல் என்ஜின் இறைத்த தண்ணீர் ஒரு குழியில் நின்றுதான் இரண்டாவதுக்குப் போகிறது, அதனால் அந்த மடை பொய்கூட இல்லை.

செலவு 0 முதல் 5 வரை என்று விரிந்தால் பிரிப்பது அசிங்கமாகிவிடும். அப்போது தூரத்துக்கு ஒரு வாளி வைத்து அடுக்கும் டயல் முறை இருக்கிறது, 1969-இல் ராபர்ட் டயல் எழுதியது. 0-1 பிஎஃப்எஸ் அதிலேயே இரண்டு வாளி மட்டும் உள்ள வடிவம். டீசல் லிட்டர் என்று புள்ளி வைத்த எண்கள் வந்தால் யோசிக்கவே வேண்டாம், டைக்ஸ்ட்ராதான்.

நோட்டைப் படித்து கிராஃப் கட்டும் இடத்தில் இப்போது ஒரு வரி நிற்கிறது:

```python
assert w in (0, 1), (u, v, w)
```

போன மாதம் யாரோ 2 என்று எழுதிய ஒரு மதகு இதில் மாட்டிக்கொண்டு நின்றது. எந்த மதகு என்று திரையிலேயே வந்ததால், சித்தப்பாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தோம். அங்கே ஒரே என்ஜின்தான், இரண்டு குழாய்.