மேனேஜ்மென்ட் ட்ரெய்னி என்று கூப்பிட்டு வீடு வீடாக அனுப்புகிறார்கள்: ஃப்ரெஷர்களுக்கு ஓர் எச்சரிக்கை

"அனுபவம் தேவையில்லை. உங்களிடம் பொட்டென்ஷியல் இருந்தால் போதும். ஆறு மாதத்தில் டீம் லீடர், ஒரு வருடத்தில் பிராஞ்ச் மேனேஜர். மாதம் 25,000 வரை." வாட்ஸ்அப் குரூப்களிலும் வேலைவாய்ப்புத் தளங்களிலும் டிகிரி முடித்தவர்களைத் தேடி வரும் விளம்பரம் இது. பதவியின் பெயர் மேனேஜ்மென்ட் ட்ரெய்னி. பெரிய வங்கி அல்லது பன்னாட்டு நிறுவனத்தின் பெயரும் எங்காவது ஒட்டியிருக்கும். "25,000 வரை" என்பதில் உள்ள "வரை"யைப் பலரும் கவனிப்பதில்லை.

அனுபவம் கேட்காமல், வளரக்கூடிய ஆளா என்று மட்டும் பார்த்து எடுக்கும் திட்டங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. டாட்டா குழுமம் வருங்கால மேலாளர்களை உருவாக்க நடத்தும் டாஸ் திட்டம் 1956ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. கோல் இந்தியா போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தோ தனித் தேர்வு வைத்தோ ட்ரெய்னிகளை எடுக்கின்றன. தனியார் பெருநிறுவனங்களின் இடங்கள் பெரும்பாலும் கேம்பஸிலேயே நிரம்பிவிடும். அந்தக் கேம்பஸ்களில் படிக்காதவர்களுக்கும் இந்தப் பெயர் மீது ஆசை இருக்கிறது. போலிகள் பிழைப்பு நடத்துவது அந்த ஆசையை வைத்துத்தான்.

சென்னையில் பி.காம் முடித்த ஒருவருக்கு அப்படி ஓர் அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் வங்கியின் பெயர். போன முகவரியில் இருப்பது மாடியில் இரண்டு அறை கொண்ட அலுவலகம்; வாசல் பலகையில் வேறு பெயர். "நாங்கள் அவர்களுடைய மார்க்கெட்டிங் பார்ட்னர்" என்கிறார்கள். முப்பது பேர் காத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிட இன்டர்வியூ. "ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?", "ஜெயிக்க வேண்டும் என்ற வெறி இருக்கிறதா?" என்று இரண்டு மூன்று கேள்விகள். மாலையில் போன்: "முப்பது பேரில் மூன்று பேரைத்தான் எடுத்திருக்கிறோம், உங்களிடம் நல்ல லீடர்ஷிப் தெரிகிறது." இதே போன் மீதி இருபத்தேழு பேருக்கும் போயிருக்கும்.

அடுத்த நாள் "அப்சர்வேஷன்" என்று ஒரு சீனியருடன் அனுப்புகிறார்கள். அன்று முழுக்க அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கதவைத் தட்டி கிரெடிட் கார்டு விண்ணப்பம் நிரப்பும் வேலை. மாலையில் கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் "ஊழியர்" என்ற சொல்லே இருக்காது. "அசோசியேட்" அல்லது "இன்டிபென்டன்ட் கான்ட்ராக்டர்" என்றுதான் இருக்கும். சம்பளத்துக்குப் பதில், வங்கி ஏற்றுக்கொண்ட ஒரு கார்டுக்கு 350 ரூபாய்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். புதிய ஆள் நாளுக்கு மூன்று விண்ணப்பம் பிடித்தால் அதுவே நல்ல வேகம். மாதம் 26 நாளில் 78 விண்ணப்பம். கிரெடிட் ஸ்கோர் சரியில்லை, முகவரி பொருந்தவில்லை என்று வங்கி பாதியைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது 39. கையில் 13,650 ரூபாய். பஸ், மதியச் சாப்பாடு என்று நாளுக்கு 150 வீதம் 3,900 போனால் 9,750. அடுத்த மாதம் இன்னொரு அடி விழும்: கார்டை வாங்கியவர் குறித்த நாளுக்குள் பயன்படுத்தவில்லை என்றால் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிப்பார்கள். 39இல் 11 அப்படிப் போனால் 3,850 கழியும். ஒரு மாதம் வெயிலில் அலைந்ததற்குக் கடைசியில் 5,900 ரூபாய். பி.எஃப். கிடையாது. ஈ.எஸ்.ஐ. கிடையாது. பிடித்தம் செய்த வருமான வரியைப் பார்த்தால், சம்பளம் என்ற தலைப்பில் இல்லாமல் தரகு என்ற தலைப்பில் இருக்கும்.

பிராஞ்ச் மேனேஜர் ஆக்குவதாகச் சொன்னது என்ன ஆனது? அதற்கும் வழி வைத்திருப்பார்கள். அவரே புதிதாக ஆட்களைச் சேர்த்து, அவர்கள் பிடிக்கும் கார்டில் தலைக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொண்டால் டீம் லீடர். தன் பெயரில் அலுவலகம் பிடித்து வாடகையும் தானே கட்டினால் பிராஞ்ச் மேனேஜர். விளம்பரம் நிற்காமல் வந்துகொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். ஆட்கள் விலகிக்கொண்டே இருப்பார்கள், புதியவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். தெருவில் இறங்கி விற்பதே போலிக்கு அடையாளம் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. சோப்பு, பிஸ்கட் விற்கும் பெரிய கம்பெனிகளின் அசல் ட்ரெய்னிகளும் சேல்ஸ்மேனோடு கடை கடையாக ஏறி இறங்குவார்கள். இன்றைய ஹிந்துஸ்தான் யூனிலீவர், ஹிந்துஸ்தான் லீவராக இருந்த 1970களிலேயே, தன் ட்ரெய்னிகளை உத்தரப் பிரதேசத்தின் ஏட்டா மாவட்டக் கிராமங்களில் தங்க அனுப்பியது. அந்த வேலைக்கு முடிவு தேதி இருக்கிறதா, அந்த நாட்களிலும் மாதச் சம்பளம் வருகிறதா என்ற இரண்டைத்தான் பார்க்க வேண்டும். அசல் திட்டத்தில் சேரும்போதே அட்டவணை கொடுப்பார்கள்: இத்தனை வாரம் விற்பனை, இத்தனை வாரம் தொழிற்சாலை, பிறகு நிதி அல்லது மனிதவளம், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான அதிகாரி யார், முடிவில் எந்தப் பதவியில் நிரந்தரம். இன்டர்வியூவில் இதைக் கேளுங்கள். "அதெல்லாம் உங்கள் பெர்ஃபாமன்ஸைப் பொறுத்தது" என்று பதில் வந்தால் அங்கே அட்டவணையே இல்லை. போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இப்போதும் இருக்கிறார்கள், எந்தப் பதவியில் என்றும் கேட்கலாம்.

வேறுபாடு இதைவிடத் துல்லியமாகத் தெரிவது அவர்கள் உங்களை அளக்கும் விதத்தில். அனுபவம் இல்லாதவரை எடுப்பது கம்பெனிக்குச் செலவும் ஆபத்தும் உள்ள காரியம். அதனால் அசல் திட்டத்தில் வடிகட்டுவது கடுமையாக இருக்கும். வழக்கமாக முதலில் ஆன்லைனில் எண்கணக்கு, தர்க்கம், சூழ்நிலைக் கேள்விகள், பிறகு குழு விவாதம் அல்லது ஒரு வணிகச் சிக்கலைத் தீர்க்கும் பயிற்சி, கடைசியில் பேனல். நாட்கணக்கில் இழுக்கும். பேனலில் "லீடர்ஷிப் இருக்கிறதா?" என்று கேட்க மாட்டார்கள். "ஒரு குழுவில் வேலை செய்து சிக்கல் வந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்" என்று தொடங்கி, சொன்ன பதிலையே தோண்டுவார்கள்.

ஒருவர், "கல்லூரி விழாவில் உணவுக் கடைகளை நான் ஒருங்கிணைத்தேன்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை கடை? 12. முந்தைய ஆண்டு? 12க்கு ஒப்புக்கொண்டு 7 பேர்தான் வந்தார்கள். ஏன்? முன்பணம் வாங்கவில்லை, கடைசி நேரத்தில் வராமல் விட்டால் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. நீங்கள் என்ன மாற்றினீர்கள்? கடைக்கு 500 ரூபாய் முன்பணம், வந்தால் திருப்பித் தரப்படும். யார் எதிர்த்தார்கள்? பணத்தைக் கையாள வேண்டாம் என்றார் பொருளாளர். எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? ரசீதுப் புத்தகத்தைத் துறைத் தலைவரிடம் கொடுத்துவைத்தோம். இப்படி ஐந்தாறு கேள்விக்குப் பிறகுதான் அவருடைய பொட்டென்ஷியல் என்பது பேனலுக்குத் தெரிய வரும்: சிக்கலின் காரணத்தைக் கண்டுபிடித்தாரா, மற்றவரை ஒப்புக்கொள்ள வைத்தாரா, "நாங்கள் செய்தோம்" என்பதில் அவருடைய பங்கு எது. விண்ணப்பத்திலும் இதையே எழுத வேண்டும். "கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவர்" என்பதை எடுத்துவிட்டு, "7 கடை வந்த இடத்தில் 12 கடை வர வைத்தேன், முன்பணம் வாங்கும் முறையைக் கொண்டுவந்து" என்று எழுதினால் கேள்வி கேட்க அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

ஆகவே இன்டர்வியூ முடிந்து வெளியே வந்ததும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன எந்தப் பதிலையாவது பிடித்துக்கொண்டு இரண்டாவது கேள்வி கேட்டார்களா? கேட்காமலேயே பாராட்டித் தேர்வு செய்தார்கள் என்றால், அங்கே யார் வந்தாலும் எடுப்பார்கள்.

சேரும் முன் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சோதனை ஒன்று. கம்பெனியின் கடிதத்தாளில் எழுத்தும் எண்ணுமாக 21 இலக்கம் கொண்ட சிஐஎன் என்ற கம்பெனி அடையாள எண்ணை அச்சிட வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம். அதில் 9 முதல் 12 வரை உள்ள இலக்கங்கள் பதிவு செய்த ஆண்டு. அதற்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்து மாநிலம். "இருபது வருடப் பாரம்பரியம்" என்று சொல்லும் இடத்தின் எண்ணில் 2023 இருந்தால் அங்கேயே கதை முடிந்தது. mca.gov.in தளத்தில் பெயரைப் போட்டால் செலுத்திய மூலதனமும் தெரியும். எண்ணே இல்லை என்றால் பெரும்பாலும் தனிநபர் நிறுவனம் அல்லது கூட்டாண்மை. அது குற்றமில்லை, ஆனால் பெரிய கம்பெனி இல்லை. விளம்பரத்தில் பெயர் போட்ட வங்கியின் சொந்தத் தளத்தில், வேலைவாய்ப்புப் பக்கத்தில் அந்தப் பதவி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பணம் கேட்டால் போலி என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பொதுத்துறை நிறுவனங்கள் விண்ணப்பக் கட்டணம் வாங்கும். ஆனால் அது தேர்வுக்கு முன்னால், அவர்களுடைய தளத்திலேயே, அறிவிப்பில் அச்சிட்ட தொகையாக இருக்கும். தேர்வான பிறகு யூனிஃபார்ம், லேப்டாப் டெபாசிட், "ரீஃபண்டபிள் ட்ரெய்னிங் ஃபீஸ்" என்று ஒரு தனிநபரின் யூ.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பச் சொல்வது வேறு ரகம். அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 1930க்குப் பேசி, cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்கத்தான் அந்த அவசரம்.

அசல் சான்றிதழையும், தொகை எழுதாமல் கையெழுத்திட்ட செக்கையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். செக்கில் அவர்கள் தொகை நிரப்பி வங்கியில் போட்டு அது திரும்பினால், செக் மோசடி வழக்கை நீங்கள்தான் சந்திக்க வேண்டியிருக்கும். குறித்த காலத்துக்கு முன் வேலையை விட்டால் பணம் கட்டுவதாக எழுதி வாங்கும் பாண்ட் பற்றி ஒன்று: "எந்த பாண்டும் கோர்ட்டில் நிற்காது" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். நம்ப வேண்டாம். ஒரு பொதுத்துறை வங்கியின் 2 லட்ச ரூபாய் பாண்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கே வங்கி முறையாக ஆள் எடுக்கச் செலவு செய்திருந்தது. பயிற்சியே தராத இடம் அதே தொகையைக் கேட்டால், நியாயமான இழப்பீட்டுக்கு மேல் வாங்க ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு இடம் கொடுக்காது.

ஏற்கெனவே சேர்ந்து சில மாதம் போய்விட்டவர்கள் விளம்பரம், வாட்ஸ்அப் செய்தி, கமிஷன் கணக்கு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு வெளியேறுங்கள். "எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடுவது பணம் வந்த பிறகு. அடுத்த விண்ணப்பத்தில் அந்த மாதங்களை மேனேஜ்மென்ட் ட்ரெய்னி என்று எழுதாதீர்கள். பெரிய கம்பெனிகள் பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கையும் சம்பளச் சீட்டையும் தேடும். இரண்டும் இல்லாத இடத்தில் அந்தப் பதவிப் பெயர் பொய்யாகத் தெரியும், ஆஃபரைத் திரும்பப் பெறவும் அது போதும். "கமிஷன் அடிப்படையில் கிரெடிட் கார்டு நேரடி விற்பனை, மாதம் 78 விண்ணப்பம், 39 ஏற்பு" என்று உள்ளதை எழுதுங்கள். பாதி ஏன் தள்ளுபடி ஆனது, அதைக் குறைக்க என்ன செய்தீர்கள் என்று பேனல் அங்கிருந்தே கேட்கத் தொடங்கும்.