பேச்சில்லாமல் வரும் டிக்கெட் படம்: ரயிலில் எதைப் பார்ப்பது, விமானத்தில் எதைப் பார்ப்பது

வாட்ஸாப்பில் ஒரு சொல்லும் இல்லாமல் டிக்கெட் படம் மட்டும் வந்து விழுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் அது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: சென்னையிலிருந்து வருகிறவரின் ரயில் டிக்கெட், அல்லது வளைகுடாவிலிருந்து திருவனந்தபுரத்தில் இறங்குகிறவரின் போர்டிங் பாஸ். இரண்டுக்கும் ஒரே பதிலை அனுப்புகிறவர்கள் உண்டு: "சரி, பார்த்துக்கொள்கிறேன்." எதைப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. ரயில் டிக்கெட்டில் வந்து சேரும் நேரம் இருக்கும், இடம் உறுதியா என்பது எப்போதும் தெளிவாக இருக்காது. போர்டிங் பாஸில் இடம் உறுதி, வந்து சேரும் நேரம்தான் பெரும்பாலும் இருக்காது.

முதலில் ரயில். மருமகன் அனுப்பியது எழும்பூரிலிருந்து நாகர்கோவிலுக்கு, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் எடுத்த இ-டிக்கெட் என்று வைத்துக்கொள்வோம். வண்டி மாலையில் கிளம்பி மறுநாள் விடியற்காலையில் வந்து சேரும். பயணத் தேதி வெள்ளி என்றால் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியது சனிக்கிழமை. அவசரத்தில் முதல் தேதியை மட்டும் பார்த்தவர் வெள்ளிக்கிழமை விடியலிலேயே ஆட்டோ சொல்லிவிடுவார். ஆகவே எடுத்துச் சொல்ல வேண்டியது வருகைத் தேதியும் நேரமும். கூடவே எந்த ஸ்டேஷன் என்பதும் முக்கியம். NCJ என்றிருந்தால் நாகர்கோவில் சந்திப்பு, NJT என்றிருந்தால் நாகர்கோவில் டவுன். இரண்டும் வேறு வேறு இடங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது பயணியின் பெயருக்கு நேரே உள்ள நிலை. அங்கே இடம் உறுதி என்பதைக் குறிக்கும் CNF என்று பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் இருந்தால் அவன் கேட்பது "கூட்டிக்கொண்டு போக வாருங்கள்" என்பதைத்தான். காத்திருப்புப் பட்டியலைக் குறிக்கும் WL என்றிருந்தால் கேள்வியே வேறு. "இது கிடைக்குமா மாமா?" என்பதே அதன் பொருள். படத்தில் 'தற்போதைய நிலை' என்று அச்சாகியிருந்தாலும் அது டிக்கெட் எடுத்த நேரத்து நிலைதான். அதை நம்பிப் பதில் சொல்லக் கூடாது. பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணை எடுத்து 139-க்கு அனுப்பியோ ரயில்வே தளத்தில் போட்டோ பார்க்க வேண்டும். சார்ட் தயாரான பிறகும் எல்லாப் பயணிகளும் காத்திருப்பிலேயே இருந்தால் இ-டிக்கெட் தானாகவே ரத்தாகிவிடும். ஆகவே WL கண்ட இடத்தில் வருகை நேரத்தைச் சொல்வது வீண் வேலை. டிக்கெட்டை 60 நாள் முன்பே எடுக்க முடியும் என்பதால், படம் இன்று வந்தது என்பதற்காகப் பயணம் நாளை என்று எண்ணவும் வேண்டாம்.

போர்டிங் பாஸ் அப்படியல்ல. செக்-இன் செய்தபின் கிடைப்பது அது. படம் வந்தால் பயணம் ஓரிரு நாளுக்குள் என்று பொருள். காத்திருப்பு, உறுதி என்ற கவலை கிடையாது. சிக்கல் நேரத்தில்தான். பெரிய எழுத்தில் தெரிவது விமானத்தில் ஏறும் நேரம், அதுவும் அந்த ஊர் நேரம். ஷார்ஜாவிலிருந்து அண்ணன் அனுப்பிய பாஸில் 22:50 என்று இருக்கிறது. விமானம் 23:35-க்குக் கிளம்பி சுமார் நான்கு மணி நேரம் பறந்தால், அங்கே அதிகாலை 3:35. நமக்கு ஒன்றரை மணி நேரம் கூட்டினால் மறுநாள் 5:05. பாஸில் உள்ள தேதியையும் 22:50-ஐயும் அப்படியே எடுத்துக்கொண்ட ஓட்டுநர், முந்தைய இரவே போய்க் காத்துக் கிடப்பார். கணக்குப் போடுவது தோராயம்தான். விமான எண்ணையும் தேதியையும் எடுத்து விமான நிலையத் தளத்தில் தேடினால் சரியான நேரம் கிடைக்கும். கேட் எண், இருக்கை எண் எல்லாம் அண்ணனுக்குத்தான் தேவை, கூட்டிவரப் போகிறவருக்கு ஒன்றுக்கும் உதவாது.

இறங்கிய உடனே அவர் வெளியே வந்துவிடுவதும் இல்லை. குடிநுழைவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய ஒரு மணி நேரம் கூட ஆகலாம். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் என்பதால், ஐந்து மணிக்கு இறங்குகிறவருக்கு நாலு மணியை ஒட்டிக் கிளம்பினால் போதும்.

புறப்படும் ஊர் எது என்பதும் ஓட்டுநருக்குத் தேவை. திருவனந்தபுரத்தில் பன்னாட்டு முனையம் சாக்கை பக்கம், உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம். நடுவே ஓடுபாதை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வண்டியில் சுற்றித்தான் போக வேண்டும்.

இன்னொரு வேறுபாடு, சிறியது ஆனால் எனக்குப் பெரியது. பாஸில் உள்ள கோட்டுக் குறியீட்டுக்குள் பெயரும் முன்பதிவு எண்ணும் இருக்கின்றன. பல விமான நிறுவனத் தளங்களில் அந்த இரண்டையும் வைத்தே பயண விவரத்தைத் திறந்துவிடலாம். குடும்பக் குழுவில் அது வந்தால், படத்தை வேறு குழுக்களுக்கு அனுப்பாமல் விவரத்தை மட்டும் தட்டச்சு செய்து அனுப்புவதே நல்லது.

நான் அனுப்பும் பதில் இப்படி இருக்கும். ரயிலுக்கு: "மக்களே, CNF ஆகிவிட்டது. சனிக்கிழமை விடியலில் சந்திப்புக்கு வருகிறேன், B3 பெட்டி நிற்கிற இடத்தில் இருப்பேன்." விமானத்துக்கு: "அண்ணே, நம்ம நேரம் காலை ஐந்து மணி, சாக்கை முனையம். இறங்கியதும் போன் போடுங்கள்."